தள்ளுபடி கட்டுபடியாகுமா? பழைய விற்பனைக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் டொமினிக்ஸ் என்றொரு பேரங்காடிச் சங்கிலி இருந்தது. 2013 டிசம்பரில் அதன் கடைகள் மூடப்பட்டன. கடைகள் போனாலும் அவற்றின் கல்லாக் கணக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. 1989 முதல் 1994 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி அந்த நிறுவனத்தோடு சேர்ந்து விலை ஆய்வுகளை நடத்தியது. அதன் பயனாக, சுமார் நூறு கடைகளில் 3,500-க்கும் மேற்பட்ட சரக்குகள் எந்த வாரத்தில், என்ன விலையில், எத்தனை விற்றன என்ற விவரம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் அதை ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. விலை நெகிழ்ச்சியைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளும் மாணவர்களில் பலர் இந்தச் சங்கிலியின் ஆரஞ்சுச் சாறு விற்பனையில்தான் கைப்பழகுகிறார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து வெளிவந்த இரண்டு முடிவுகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. வாரவாரக் கணக்கை வைத்து ஆரஞ்சுச் சாறு ஒன்றின் நெகிழ்ச்சியைப் பார்த்தால் 3-ஐ ஒட்டி வருகிறது. விலை 1 சதவீதம் இறங்கினால் விற்பனை 3 சதவீதம் ஏறுகிறது என்று பொருள். (எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி உண்டு. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே அளவை மட்டும் எழுதுகிறேன்.) அதே சங்கிலியில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே சில சரக்கு வகைகளின் அன்றாட விலையை 10 சதவீதம் இறக்கிச் சோதித்தார்கள். விற்பனை 3 சதவீதம்தான் ஏறியது. அதாவது நெகிழ்ச்சி 0.3. ஹோச், டிரெஸ், பர்க் ஆகியோர் 1994-ல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, விலையை இறக்கியதால் லாபம் 18 சதவீதம் சரிந்தது. விலையை 10 சதவீதம் ஏற்றிய இடத்தில் விற்பனை 3 சதவீதம் குறைந்தாலும் லாபம் 15 சதவீதம் கூடியது.

ஒரே நிறுவனம், ஒரே நகரம், ஏறத்தாழ அதே ஆண்டுகள். ஆனால் எண்களுக்கு இடையே பத்து மடங்கு வேறுபாடு. இரண்டில் எதுவும் பிழையல்ல. தள்ளுபடி ஒன்றைத் திட்டமிட்டுவிட்டு, அது தாங்குமா என்று பழைய விற்பனையைப் புரட்டிப் பார்ப்பவர் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை விற்றால் நட்டமில்லை?

கணினியைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பெரும்பாலோர் இதைத் தவிர்த்துவிட்டு நேரே நெகிழ்ச்சிக்குப் போய்விடுகிறார்கள். நெகிழ்ச்சி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எவ்வளவு இருந்தால் நமக்குப் போதும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பாட்டில் சாற்றின் விலை 2 டாலர், கடைக்கு அடக்கம் 1 டாலர் 40 சென்ட், வாரத்துக்கு 1,000 பாட்டில் விற்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இவை நான் எளிமைக்காக வைத்த எண்கள். பாட்டிலுக்கு 60 சென்ட் வீதம் வாரத்துக்கு 600 டாலர் மிச்சம். இப்போது மேலாளர் 20 சதவீதத் தள்ளுபடி கொடுக்க நினைக்கிறார். விலை 1 டாலர் 60 சென்ட் ஆகிறது. பாட்டிலுக்கு நிற்பது 20 சென்ட் மட்டுமே. அதே 600 டாலரை எடுக்க 3,000 பாட்டில் விற்றாக வேண்டும். விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிற்று, லாபத்திலோ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தள்ளுபடியின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒவ்வொரு 1 சதவீத இறக்கத்தின் விளைவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகும் என்ற கணக்கில், விற்பனை மூன்று மடங்காக வேண்டுமானால் நெகிழ்ச்சி ஏறத்தாழ 4.9 இருக்க வேண்டும்.

10 சதவீதம் மட்டும் குறைத்தால் பாட்டிலுக்கு 40 சென்ட் நிற்கும். 1,500 பாட்டில் விற்றால் போதும். அதற்குத் தேவையான நெகிழ்ச்சி சுமார் 3.85. தள்ளுபடி ஆழமாக ஆக, தாண்ட வேண்டிய உயரமும் கூடிக்கொண்டே போகிறது.

இந்தக் கணக்கில் அடக்கவிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அங்கேதான் பிழையும் நுழைகிறது. டொமினிக்ஸ் கணக்கிலேயே இதற்குச் சான்று உண்டு. அதில் பதிவாகியிருக்கும் அடக்கம், கையிருப்பிலுள்ள பழைய சரக்கையும் புதிய சரக்கையும் கலந்த சராசரி. தள்ளுபடிக்குத் தேவையானதோ, விற்ற பாட்டிலுக்குப் பதிலாக அடுத்த பாட்டிலை வாங்கிவைக்க ஆகும் செலவு. தயாரிப்பாளர் அந்த வாரத்துக்கு மட்டும் சலுகை தந்திருந்தால் இரண்டும் வெகுவாக விலகிவிடும். மேலே சொன்ன 20 சதவீதத் தள்ளுபடிக்குத் தயாரிப்பாளர் பாட்டிலுக்கு 20 சென்ட் விட்டுக்கொடுக்கிறார் என்று வையுங்கள். அடக்கம் 1 டாலர் 20 சென்ட், மிச்சம் 40 சென்ட். 3,000 பாட்டில் விற்க வேண்டிய இடத்தில் 1,500 போதும். நெகிழ்ச்சி 2 இருந்தாலே கடை தப்பித்துவிடும். பேரங்காடிகளில் காணும் பெரிய தள்ளுபடிகள் பலவற்றுக்குப் பின்னால் தயாரிப்பாளரின் பணம் இருப்பது இதனால்தான்.

கோட்டைப் பொருத்துவது

இனி நெகிழ்ச்சிக்கு வருவோம். மாணவர்கள் பயன்படுத்தும் ஆரஞ்சுச் சாறு அட்டவணையில் 83 கடைகளும் மூன்று பிராண்டுகளும் உள்ளன. டிராபிகானா, மினிட் மெய்ட், கடையின் சொந்தப் பிராண்டான டொமினிக்ஸ். ஒவ்வொரு வரிசையும் ஒரு கடை, ஒரு வாரம், ஒரு பிராண்டு. அதில் விலை, விற்பனையின் மடக்கை, அந்த வாரம் அந்தப் பிராண்டு கடையின் விளம்பரத்தில் இடம்பெற்றதா என்பதற்கான 0 அல்லது 1 ஆகியவை இருக்கும்.

விலையையும் விற்பனையையும் அப்படியே வைத்துக் கோடு போட்டால், ஒரு டாலர் குறைந்தால் எத்தனை பாட்டில் கூடும் என்பதுதான் கிடைக்கும். பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் அது ஒன்றாக இருக்காது. இரண்டுக்கும் மடக்கை எடுத்துக் கோடு போட்டால் சரிவு நேரடியாகச் சதவீதத்துக்குச் சதவீதமாக வந்துவிடும். அந்தச் சரிவுதான் நெகிழ்ச்சி. R மொழியில் இரண்டே வரி:

```
m1 <- lm(logmove ~ log(price) * brand, data = oj)
m2 <- lm(logmove ~ log(price) * brand * feat, data = oj)
```

முதல் வரி பிராண்டுக்கு ஒரு நெகிழ்ச்சி தருகிறது. டொமினிக்ஸ் 3.4, மினிட் மெய்ட் 3.3, டிராபிகானா 2.7. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விலை உயர்ந்த டிராபிகானாவை வாங்குபவர் விலையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படமாட்டார், மினிட் மெய்ட் வாங்குபவர் விலை பார்ப்பவர் என்று கதை கட்டிவிடலாம். பல அலுவலகங்களில் அறிக்கை இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாவது வரி அந்தக் கதையைக் கலைத்துவிடுகிறது. விளம்பரம் வராத வாரங்களை மட்டும் எடுத்தால் மினிட் மெய்டின் நெகிழ்ச்சி 2.0, டிராபிகானாவின் நெகிழ்ச்சியும் 2.0. விளம்பரம் வந்த வாரங்களில் ஒன்று 3.6, மற்றது 3.5. இரண்டு பிராண்டுக்கும் நடுவே வேறுபாடே இல்லை எனலாம். மினிட் மெய்ட் அடிக்கடி விளம்பரத்தில் வந்தது, டிராபிகானா அவ்வளவாக வரவில்லை. நாம் வாடிக்கையாளரின் குணம் என்று நினைத்தது உண்மையில் விளம்பரத் துறையின் நாட்குறிப்பு.

தள்ளுபடிக்கு இது என்ன சொல்கிறது? 10 சதவீதம் குறைக்கப் போகிறீர்கள். அதை விளம்பரத்தில் போட்டு, கடை வாசலில் அட்டை வைத்துச் சொல்லப் போகிறீர்களா, அல்லது அலமாரியில் விலைச்சீட்டை மட்டும் மாற்றப் போகிறீர்களா? ஓசையில்லாமல் குறைத்தால் 2.0 என்ற எண்ணின்படி 1,000 பாட்டில் 1,235 ஆகும். லாபம் 600 டாலரிலிருந்து 494-க்கு இறங்கும். 3.6 என்ற எண்ணைப் போட்டால் 1,461 பாட்டில், 584 டாலர். முதல் வரியின் 3.3 இந்த இரண்டு நிலைமைக்கும் பொருந்தாது. அது பழைய காலத்தில் விளம்பரம் எத்தனை வாரம் வந்ததோ அந்தக் கலவைக்கான எண்.

இங்கே சறுக்காமல் இருக்க ஒன்று கவனிக்க வேண்டும். 3.6 என்பது விளம்பர வாரங்களுக்குள் விலை ஏறி இறங்கியபோது விற்பனை எப்படி அசைந்தது என்பதைக் காட்டும் சரிவு. விளம்பரமே இல்லாத சாதாரண வாரத்திலிருந்து விளம்பரத்தோடு கூடிய தள்ளுபடி வாரத்துக்குத் தாவும்போது, விலையால் வரும் ஏற்றத்தோடு விளம்பரத்தாலேயே வரும் ஏற்றமும் சேரும். எனவே நெகிழ்ச்சி எண்ணை மட்டும் பிடுங்கி எடுத்துப் பெருக்காமல், இரண்டாவது வரி தரும் மாதிரியிடம் இரண்டு நிலைகளையும் தனித்தனியே கொடுத்து விற்பனையைக் கணிக்கச் சொல்ல வேண்டும். அப்போது விளம்பரச் செலவையும் கணக்கில் கழிக்க மறக்கக் கூடாது. சுருக்கத்துக்காக இனி வரும் கணக்குகளில் விளம்பரத்தின் தனி ஏற்றத்தையும் அதன் செலவையும் ஒதுக்கிவிட்டு 3.6-ஐ மட்டும் கொண்டுசெல்கிறேன்.

விலையைக் குறைத்தவர் ஏன் குறைத்தார்?

மேலே போட்ட கோட்டுக்குப் பின்னால் ஓர் அனுமானம் பதுங்கியிருக்கிறது. விலை எப்போது மாறியது என்பதற்கும் வாடிக்கையாளரின் தேவைக்கும் சம்பந்தமில்லை என்பதே அது. சீட்டுக் குலுக்கி விலை வைத்தால்தான் அது மெய்யாகும். கடைக்காரர் அப்படி வைப்பதில்லை.

மறுபடியும் டொமினிக்ஸுக்கே போகலாம். கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். கத்தோலிக்கர் நிறைந்த சிகாகோவில் அந்த வாரங்களில் டின்னில் அடைத்த சூரை மீனுக்குக் கிராக்கி. பாடப்புத்தகப்படி தேவை கூடினால் விலை ஏற வேண்டும். செவாலியே, கஷ்யப், ரோஸி மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், டொமினிக்ஸ் கடைகளில் அந்த வாரங்களில் சூரை மீனின் விலை இறங்கியதைக் காட்டினார்கள். எல்லோரும் மீனைத் தேடி வரும் வாரத்தில் அதன் விலையைக் குறைத்து விளம்பரம் செய்தால் கூட்டத்தைத் தன் கடைக்குத் திருப்பலாம் என்பது கடையின் கணக்கு.

இப்போது இதையெல்லாம் அறியாத ஒருவர் சூரை மீனின் விலை, விற்பனை இரண்டையும் எடுத்துக் கோடு போடுகிறார். விலை இறங்கிய வாரங்களில் விற்பனை கொட்டுகிறது. விலைதான் காரணம் என்று கோடு சொல்லும். உண்மையில் ஒரு பகுதி தவக்காலத்தின் வேலை, விலையைத் தொடாமலிருந்தாலும் விற்றிருக்கும். நெகிழ்ச்சி ஊதிப்பெருத்து வரும். அதை நம்பி ஆகஸ்ட் மாதம் தள்ளுபடி போட்டால் கூட்டம் வராது. தீபாவளிக்கு முன் தள்ளுபடி போடும் துணிக்கடை, அந்த மாத விற்பனையை வைத்து ஆடித் தள்ளுபடியைக் கணித்தாலும் இதே கதிதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். தேவை கூடும்போது விலையை ஏற்றும் சந்தைகளில் நெகிழ்ச்சி சுருங்கி வரும். சில நேரம் குறியே புரண்டுவிடும். 1914-ல் ஹென்றி மூர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வார்ப்பிரும்புக்கு இப்படிக் கணக்குப் போட்டு, விலை ஏற ஏறத் தேவை கூடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். தொழில் சூடுபிடித்த ஆண்டுகளில் இரும்புக்குத் தேவையும் விலையும் சேர்ந்தே ஏறியதுதான் அவர் கண்டது. உங்கள் கணக்கிலும் விலைக்கு எதிரே கூட்டல் குறி வந்தால் புதிய பொருளாதாரம் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளாமல், விலையை யார், எதைப் பார்த்து மாற்றினார் என்று விசாரிக்க வேண்டும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கோடு கணித்ததற்கும் உண்மையில் விற்றதற்கும் உள்ள வேறுபாட்டை வாரவாரியாக வரிசைப்படுத்திப் படம் போடுங்கள். பண்டிகை வாரங்களில் புள்ளிகள் கூட்டமாகக் கோட்டுக்கு மேலே நின்றால் காலம் விலைக்குள் கலந்துவிட்டது. பிறகு பண்டிகை, மாதம், மாதச் சம்பள வாரம் ஆகியவற்றைத் தனி மாறிகளாகச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். நெகிழ்ச்சி 3-லிருந்து 2.9-க்கு நகர்ந்தால் கவலையில்லை. 3-லிருந்து 1.8-க்கு விழுந்தால் முதல் எண்ணைக் குப்பையில் போடலாம். இரண்டாவதையும் முழுதாக நம்ப முடியாது. சேர்க்க மறந்த காரணம் இன்னொன்று இருக்கக்கூடும்.

ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனி மாறி வைத்து எல்லாக் காலக் கலப்பையும் துடைத்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் தள்ளுபடி எல்லாக் கடைகளிலும் ஒரே வாரத்தில் வந்திருந்தால், வார மாறி அந்த விலை மாற்றத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும். மிஞ்சுவது ஒரே வாரத்தில் கடைக்குக் கடை இருந்த சிறு விலை வேறுபாடு மட்டுமே. டொமினிக்ஸ் நகரை மண்டலங்களாகப் பிரித்து விலை வைத்ததால் அங்கே ஏதோ மிஞ்சுகிறது. ஒரே கடை வைத்திருப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்று வாங்கியவர் அடுத்த வாரம் வரமாட்டார்

தள்ளுபடி வாரத்தில் விற்பனை ஏன் துள்ளுகிறது? சிலர் புதிதாக வாங்குகிறார்கள். சிலர் வேறு பிராண்டிலிருந்து வருகிறார்கள். சிலர் அடுத்த மாதம் வாங்க வேண்டியதை இன்றே வாங்கி அடுக்கிவைக்கிறார்கள். வாரக் கணக்குக்கு மூன்றும் ஒன்றே. லாபத்துக்கு மூன்றும் வேறு.

சலவைத்தூள் போன்ற, கெட்டுப்போகாத சரக்குகளில் இந்தச் சேமிப்பு மிக அதிகம். ஹெண்டல், நெவோ இருவரும் 2006-ல் துணி துவைக்கும் சலவைப்பொருள் விற்பனையை ஆராய்ந்தார்கள். வீட்டில் இருப்பு வைக்கும் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காத வழக்கமான முறை நெகிழ்ச்சியை 30 சதவீதம் அளவுக்கு மிகைப்படுத்திவிடக்கூடும் என்று கண்டார்கள். ஆரஞ்சுச் சாறு குளிர்பெட்டியில் சில வாரம்தான் தாங்கும் என்பதால் அதில் இது குறைவாக இருக்க வேண்டும், இல்லாமலும் போகாது.

உங்கள் சரக்கில் இது இருக்கிறதா என்று அறிய, இந்த வார விற்பனைக்கு எதிரே இந்த வார விலையோடு முந்தைய ஓரிரு வாரங்களின் விலையையும் சேர்த்து ஓட்டுங்கள். போன வாரம் மலிவாக இருந்தால் இந்த வாரம் விற்பனை படுக்கிறது என்று தெரிந்தால், தள்ளுபடி விற்பனையின் ஒரு பகுதி எதிர்காலத்திடம் வாங்கிய கடன். வாரங்களை மாதங்களாகக் கூட்டிப் பார்ப்பதும் உதவும். வாரக் கணக்கில் 3.6 என்று நின்ற நெகிழ்ச்சி மாதக் கணக்கில் வெகுவாகச் சுருங்கினால் செய்தி அதேதான்.

பக்கத்து அலமாரி

மினிட் மெய்டைக் குறைத்தபோது கூடுதலாக விற்ற 461 பாட்டிலை மறுபடி எடுங்கள். அவற்றில் 250 பாட்டிலை வாங்கியவர்கள், தள்ளுபடி இல்லாவிட்டால் அதே கடையில் டிராபிகானாவை வாங்கியிருப்பார்கள் என்று வைப்போம். அதில் கடைக்குப் பாட்டிலுக்கு 70 சென்ட் கிடைத்திருக்கும் என்றால் 175 டாலர் போயிற்று. இன்னொரு 100 பாட்டில் அடுத்த வாரம் முழுவிலைக்கு விற்றிருக்க வேண்டியவை என்றால் மேலும் 60 டாலர். 584 டாலர் என்று தெரிந்த லாபம் 349-க்கு வந்து நிற்கிறது. சும்மா இருந்திருந்தால் 600.

தொடக்கத்தில் சொன்ன பத்து மடங்கு வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு பிராண்டை ஒரு வாரத்துக்கு மட்டும் குறைத்தால், பக்கத்துப் பிராண்டின் ஆட்களும் அடுத்த மாதத்தின் ஆட்களும் அதன் பக்கம் ஓடிவருவார்கள். நெகிழ்ச்சி 3 வரும். வகை முழுவதன் அன்றாட விலையையும் குறைத்தால் தாவிவரப் பக்கத்துப் பிராண்டு கிடையாது, அவசரப்பட்டு வாங்கிவைக்கக் காரணமும் கிடையாது. மக்கள் உண்மையில் எவ்வளவு கூடுதலாகக் குடிப்பார்கள், எத்தனை பேர் வேறு கடையை விட்டுவிட்டு இங்கே வருவார்கள் என்பது மட்டுமே மிஞ்சும். அது 0.3. தயாரிப்பாளருக்கு முதல் எண் இனிக்கும், ஏனென்றால் டிராபிகானாவிடமிருந்து வரும் ஒவ்வொரு பாட்டிலும் மினிட் மெய்டுக்கு வரவு. கடைக்காரருக்கு இரண்டாவது எண்தான் வாழ்க்கை. தயாரிப்பாளரின் பிரதிநிதி நெகிழ்ச்சி அறிக்கையோடு வந்து நின்றால், அதில் இருப்பது யாருடைய நெகிழ்ச்சி என்று கேட்பது கடைக்காரரின் உரிமை.

ஆகவே வாரந்தோறும் வந்துபோகும் ஒரு பிராண்டுத் தள்ளுபடிகளிலிருந்து எடுத்த எண்ணைக் கொண்டு, "இனி எப்போதும் இதே விலை" என்ற அறிவிப்பைச் சோதிக்க முடியாது. அந்த அறிவிப்பைப் போன்ற எதுவும் பழைய கணக்கில் நடந்திருக்காவிட்டால், அதற்கான விடையும் அங்கே இருக்காது.

கல்லாக் கணக்கிலேயே உள்ள பொறிகள்

சிறிய கடைகளின் பில்லிங் மென்பொருளில் வாரத்தின் விலை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இராது. மொத்த விற்பனைத் தொகையை எண்ணிக்கையால் வகுத்து விலை என்று எழுதிக்கொள்வோம். இதில் ஒரு பொறி உண்டு. எண்ணிக்கையைப் பதிந்ததில் பிழை இருந்தால், எடுத்துக்காட்டாக ஓர் அட்டைப்பெட்டியை 12 பாட்டில் என்று ஒரு நாளும் 1 என்று மறுநாளும் பதிந்தால், அதே பிழை விற்பனையைக் குறைத்துக்காட்டி, விலையைக் கூட்டிக்காட்டும். விலை மாறாமலே விலைக்கும் விற்பனைக்கும் உறவு முளைத்து, நெகிழ்ச்சியை 1-ஐ நோக்கி இழுக்கும். நெகிழ்ச்சி சந்தேகப்படும்படி 1-ஐ ஒட்டி வந்தால் முதலில் பதிவுகளைப் பாருங்கள். முடிந்தால் அலமாரியில் ஒட்டியிருந்த விலையையே தனியாகக் குறித்துவைத்துப் பயன்படுத்துங்கள்.

சரக்கு தீர்ந்துபோன வாரங்களும் ஏமாற்றும். தள்ளுபடி அன்று மாலையே அலமாரி காலியாகியிருந்தால், கணக்கில் இருப்பது இருப்பின் அளவு, தேவையின் அளவு அல்ல. அந்த வாரங்களை நீக்கிவிடுவது நல்லது.

நம் ஊர்க் கடைகளுக்கு இன்னொரு சிக்கல். பொதியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. விலைக்கே ஆண்டு முழுவதும் விற்றிருந்தால் கணக்கில் விலை அசையவே இல்லை. அசையாத விலையிலிருந்து எந்த மென்பொருளாலும் நெகிழ்ச்சியைப் பிழிந்தெடுக்க முடியாது. விலை 5 சதவீதத்துக்குள்ளேயே அசைந்த சரக்குக்கு 30 சதவீதத் தள்ளுபடியைக் கணிப்பதும் ஏறத்தாழ அப்படித்தான். சூத்திரம் ஓர் எண்ணைத் தரும். ஆனால் கோட்டை, கணக்கே இல்லாத இடத்துக்கு நீட்டி எடுத்த எண் அது.

எண்ணுக்குப் பதில் இடைவெளி

இவ்வளவையும் தாண்டி வந்த எண்ணுக்கும் ஒரு நிச்சயமின்மை உண்டு. ஒரே கடையின் வாரங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், 80 கடைகளின் நூறு வாரங்களை 8,000 தனிச் சான்றுகளாக எண்ணிக்கொண்டால் மென்பொருள் பொய்யான துல்லியம் காட்டும். கடைவாரியாகத் தொகுத்துப் பிழையைக் கணக்கிடச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தபின் 3.6-க்குப் பதில் 3.0 முதல் 4.2 வரை என்று வருவதாக வைப்போம். 10 சதவீதத் தள்ளுபடியில் அதன் பொருள், வாரத்துக்கு 549 முதல் 623 டாலர் வரை எங்கும் லாபம் நிற்கலாம். நட்டமில்லாக் கோடான 600 நடுவே கிடக்கிறது. பக்கத்து அலமாரியையும் அடுத்த வாரத்தையும் இன்னும் கழிக்கவே இல்லை. இந்த நிலையில் மேலாளரிடம் "லாபம் 584 டாலர்" என்று ஒற்றை எண்ணை எழுதிக்கொடுப்பதைவிட, "தயாரிப்பாளர் சலுகை தராவிட்டால் அநேகமாக நட்டம்" என்று எழுதுவது நேர்மை.

அநேகமாக என்ற சொல் போதாது, உறுதி வேண்டும் என்றால் டொமினிக்ஸில் செய்ததையே சிறிய அளவில் செய்ய வேண்டும். கடைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும், நீங்கள் உண்மையில் செய்ய நினைக்கும் அதே வடிவில் தள்ளுபடியை வையுங்கள். தள்ளுபடி வைத்த கடைகளில் வார விற்பனை 1,000-லிருந்து 1,400 ஆனது, வைக்காத கடைகளிலும் 1,000-லிருந்து 1,100 ஆனது என்று கொள்வோம். முதல் பாதியை மட்டும் பார்ப்பவர் நெகிழ்ச்சி 3.2 என்பார். ஆனால் 10 சதவீத ஏற்றம் தள்ளுபடி இல்லாத இடத்திலும் வந்திருக்கிறது. 1,400-ஐ 1,100-ஆல் வகுத்தால் 1.27. விலை 10 சதவீதம் இறங்கியதற்கு விற்பனை 27 சதவீதம் கூடியிருக்கிறது, நெகிழ்ச்சி 2.3. சுமார் 1,273 பாட்டிலுக்கு 40 சென்ட் வீதம் 509 டாலர். மற்றப் பிராண்டுகளின் விற்பனையையும் இரண்டு பாதிகளிலும் இதேபோல ஒப்பிடுங்கள். தள்ளுபடி முடிந்த பிறகும் மூன்று, நான்கு வாரம் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த வாரங்களிலிருந்து எவ்வளவு முன்கூட்டியே விற்றுவிட்டோம் என்பது அந்த வாரங்களின் கணக்கில்தான் தெரியும்.